எல்லாம் செய்தவரும் ஒன்றையே செய்தவரும்: ரெஸ்யூமே பார்க்கப் புதிதாக உட்காருவோருக்கு

பெரிய நிறுவனம் ஒன்று டேட்டாபேஸ் வேலைக்கு ஆள் தேடுகிறது. விளம்பரத்தில் 'போஸ்ட்கிரெஸ் பெர்ஃபார்மன்ஸில் 5 வருட அனுபவம்' என்று போட்டிருக்கிறது. வந்திருக்கும் ரெஸ்யூமே ஒரு 12 பேர் ஸ்டார்ட்அப்பிலிருந்து. 4 வருடத்தில் பேக்எண்ட், டெப்ளாய்மென்ட், மொபைல் ஆப்பில் ஒரு பகுதி, ஆள் எடுப்பது, வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் சொல்வது என்று அத்தனையும் செய்திருக்கிறார். டேட்டாபேஸைப் பற்றி இருப்பது மூன்றே வரி.

புதிதாக ஸ்கிரீனிங் செய்பவர் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்வார். '5 வருடம் இல்லை, மூன்று வரிதான் இருக்கிறது' என்று ஒதுக்கிவிடுவார். அல்லது 'இத்தனையும் தெரிந்தவருக்கு இது பெரிய விஷயமா' என்று அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவார். இரண்டு முடிவுமே சில சமயம் சரியாக அமைந்துவிடும். ஆனால் ஏன் சரி என்று அவரால் சொல்ல முடியாது. ஹைரிங் மேனேஜர் திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வார்.

இந்த ரெஸ்யூமேயையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். பிறகு எதிர்த் திசையில், பெரிய நிறுவனத்திலிருந்து ஸ்டார்ட்அப்புக்கு வர நினைப்பவரின் ரெஸ்யூமேயையும் பார்க்கலாம்.

முதலில் விளம்பரத்தைப் பிரியுங்கள்

ரெஸ்யூமேயைத் திறப்பதற்கு முன்னால் விளம்பரத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனத்தின் விளம்பரம் பெரும்பாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுதியதாக இருக்காது. போன முறை எழுதியதன் மேல் இந்த முறை நாலு வரி சேர்ந்திருக்கும். அதனால் அதிலுள்ள எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது.

ஹைரிங் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆளுக்கு இது தெரியாமல் போனால் முதல் மூன்று மாதத்தில் எது கெட்டுப்போகும்?" அவர் சொல்லும் பதிலை வைத்து வரிகளை மூன்றாகக் குறியிடுங்கள். முதல் நாளே கையில் இருக்க வேண்டியவை ஒரு வகை. ஆறு மாதத்தில் உள்ளேயே கற்றுக்கொள்ளக்கூடியவை இரண்டாவது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் யாரும் கவனிக்கப்போவதில்லை என்பது மூன்றாவது.

நம் உதாரணத்தில் விளம்பரத்தில் 13 வரி இருக்கிறது என்று வையுங்கள். மேனேஜரிடம் பேசியபின் முதல் வகையில் மிஞ்சுவது மூன்றுதான்: ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் சேவையை நிறுத்தாமல் மாற்றம் செய்யத் தெரிய வேண்டும், டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வியான குவெரி மெதுவானால் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், பிற டீம்கள் ஸ்கீமாவில், அதாவது டேபிள்களின் அமைப்பில், செய்யும் மாற்றங்களைப் பார்த்து 'இது ஆபத்து' என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த நிறுவனத்தின் மானிட்டரிங் கருவி, டேட்டாவைப் பல சர்வர்களில் பிரித்து வைக்கும் ஷார்டிங் முறை எல்லாம் இரண்டாவது வகை. உள்ளே வந்தால்தான் அவற்றைக் கற்கவே முடியும். 'சுறுசுறுப்பான சூழலில் பணியாற்றும் ஆர்வம்' போன்றவை மூன்றாவது.

'5 வருடம்' எந்த வகை? பெரும்பாலும் அது வருடக் கணக்கே அல்ல. சம்பளப் படிநிலையின் மறுபெயர். அந்தப் படியில் இருப்பவர் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்பதைத்தான் விளம்பரம் வருடத்தில் சொல்கிறது. இதை மேனேஜரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சில இடங்களில் மனிதவளத் துறை அதைக் கட்டாய விதியாக வைத்திருக்கும். அப்படியானால் மேற்கொண்டு ஒப்பிட்டுப் பயனில்லை. விண்ணப்பதாரருக்கு அன்றைக்கே சொல்லிவிடுவது மரியாதை.

ரெஸ்யூமேயை நாட்களாக மாற்றுங்கள்

பலவேலை பார்த்தவரின் ரெஸ்யூமேயில் எது எவ்வளவு என்று தெரியாது. ஒரு மதியம் செய்ததும் எட்டு மாதம் செய்ததும் ஒரே நீளமுள்ள வரியாகத்தான் இருக்கும். நம்மவரின் மூன்று வரிகள் இவை:

'குவெரி நேரத்தை 8 வினாடியிலிருந்து 300 மில்லி வினாடிக்குக் குறைத்தேன்.'
'சேவை நிற்காமல் டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றினேன்.'
'முக்கிய டேபிள்களின் ஸ்கீமாவை மறுவடிவமைத்தேன்.'

ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று பென்சிலால் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். பிறகு போனில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். கேட்கும்போது 'எத்தனை சதவீதம்' என்று கேட்காதீர்கள். யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். 'சாதாரணமான ஒரு மாதத்தில் எத்தனை நாள் டேட்டாபேஸ் வேலையாகவே போகும்?' என்று கேளுங்கள். 20 வேலை நாளில் 5 நாள் என்றால் கால் பங்கு. 48 மாதத்தில் கால் பங்கு 12 மாதம்.

இந்த 12-ஐ விளம்பரத்தின் 60 மாதத்தோடு உடனே ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அந்த நாட்கள் எப்படி விழுந்தன என்பதுதான் முக்கியம். வாரத்துக்கு ஒரு நாளாகச் சிதறியிருந்தால், மேலோட்டமான அதே வேலை திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். சர்வர் மாற்றத்துக்காக மூன்று மாதம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தார் என்றால் கதை வேறு. நிபுணர் ஒருவர் வருடத்தில் ஒரு முறை சந்திக்கும் சிக்கல்களை அவர் அந்த மூன்று மாதத்தில் அடுத்தடுத்து சந்தித்திருப்பார். சிதறிய 12 மாதத்தைவிடத் தொடர்ச்சியான மூன்று மாதம் அதிக ஆழம் தரும் என்பது எங்கள் கணிப்பு.

நிபுணரின் 5 வருடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பெரிய நிறுவனத்தில் கூட்டங்களும் ஒப்புதல்களும் ஆவணங்களும் வேலை நாளில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டால்தான் தராசு நேராக நிற்கும்.

எண்கள் என்ன சொல்லவில்லை என்று பாருங்கள்

8 வினாடி 300 மில்லி வினாடியானது கண்ணைப் பறிக்கும். ஆனால் தேடலை வேகமாக்கப் போட வேண்டிய இண்டெக்ஸ் ஒன்று போடாமல் இருந்து, அதைப் போட்டாலே இந்த அளவு முன்னேற்றம் வந்துவிடும். பெரிய முன்னேற்றம் என்பது, முன்பு நிலைமை மோசமாக இருந்தது என்பதற்கும் சாட்சிதான். பெரிய நிறுவனத்தில் எளிதான வேலைகளை முன்னால் இருந்தவர்கள் எப்போதோ முடித்திருப்பார்கள். அங்கே 4 சதவீதம் குறைப்பதற்கு ஆறு மாதம் மூளையைக் கசக்க வேண்டியிருக்கும். ஆகவே ஸ்டார்ட்அப்காரரின் 96 சதவீதத்தையும் நிபுணரின் 4 சதவீதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல.

இன்னொரு எண்ணை நீங்களே தேட வேண்டும்: டேபிளில் எத்தனை வரி, மொத்த டேட்டா எத்தனை ஜிபி, வினாடிக்கு எத்தனை குவெரி. ரெஸ்யூமேயில் இவை இல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை. எழுதத் தோன்றவில்லை, அவ்வளவுதான். போனில் கேட்கும்போது சட்டென்று சொல்கிறாரா என்று பாருங்கள். அந்த டேட்டாபேஸோடு ராத்திரி விழித்திருந்தவருக்கு 'ஆர்டர் டேபிளில் 4 கோடி வரி, மொத்தம் 200 ஜிபி' என்பது தன் போன் நம்பர் மாதிரி நாக்கில் வரும்.

ஆழத்தைத் தொட்டுப் பார்க்கும் இடம்

நீங்கள் டேட்டாபேஸ் ஆளாக இல்லாவிட்டாலும் ஆழத்தைக் கணிக்க முடியும். வழி ஒன்றுதான்: அவர் செய்ததில் ஒரு சிறிய காரியத்தை எடுத்து, அது எங்கே தவறும் என்று கேட்பது. எப்படிச் செய்வது என்பதை எல்லாரும் படித்துச் சொல்லிவிடுவார்கள். எங்கே தவறும் என்பது கைபட்டவருக்குத்தான் தெரியும்.

குவெரி நேரத்தைக் குறைத்த அந்த வரியையே எடுங்கள். இண்டெக்ஸ் போட்டுத்தான் குறைத்தார் என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக `CREATE INDEX` கொடுத்தால், அது முடியும்வரை அந்த டேபிளில் படிக்கலாம், எழுத முடியாது. 4 கோடி வரியுள்ள ஆர்டர் டேபிள் என்றால் அவ்வளவு நேரமும் ஆர்டர் விழாது. அதனால் ஓடும் சேவையில் இப்படிப் போடுவார்கள்:

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_orders_user
ON orders (user_id);
```

இது எழுதுவதைத் தடுக்காது. இதுவரை எந்தக் கையேட்டிலும் இருக்கும். 'இது பாதியில் நின்றுபோனால்?' என்று கேளுங்கள். பாதியில் நின்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே தங்கிவிடும். குவெரிகளுக்கு அது உதவாது. ஆனால் டேபிளில் எழுதும் ஒவ்வொரு முறையும் அதற்கான வேலைச் சுமை மட்டும் தொடரும். அதைத் தேடிக் கண்டுபிடித்து நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். தேடுவதற்கு இது போதும்:

```sql
SELECT indexrelid::regclass
FROM pg_index
WHERE NOT indisvalid;
```

பட்டவர் இதைச் சொல்லும் விதமே வேறாக இருக்கும். 'இண்டெக்ஸ் போட்டும் குவெரி வேகமாகவில்லை, ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம், பார்த்தால் அது செல்லாமல் கிடந்தது' என்று வரும். இன்னொருவர், 'எங்கோ ஒரு பழைய டிரான்சாக்ஷன் திறந்தே கிடந்தது, அது முடியும்வரை இண்டெக்ஸ் வேலை காத்துக்கொண்டே இருந்தது' என்பார். அதுவும் நல்ல பதில்தான். அந்தக் கட்டளை பழைய டிரான்சாக்ஷன்கள் முடியக் காத்திருக்கும். 'அப்படி எதுவும் நடக்கவில்லை, டெவ்ஆப்ஸ் பார்த்துக்கொண்டார்' என்றால் அந்த வரியின் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு கேள்வியைத் தயாரிக்க உங்களுக்குத் தெரியாவிட்டால் அந்த டீமில் ஒருவரிடம் 15 நிமிடம் கேட்டு வாங்குங்கள். 'உங்கள் வேலையில் கையேட்டில் இல்லாமல் பட்டுத் தெரிந்துகொண்டது எது?' என்றால் யாரும் இரண்டையாவது சொல்லிவிடுவார்கள். ஒரு விளம்பரத்துக்கு இப்படி இரண்டு கேள்வி போதும்.

அளவு மாறினால் எது மாறும், எது மாறாது

200 ஜிபி பார்த்தவர் 20 டிபி பார்ப்பாரா? எதில் தடுக்கும் என்று பிரித்துப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

காரணம் தேடும் திறன் மாறாது. `EXPLAIN ANALYZE` கொடுத்து, குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் திட்டத்தைப் படித்து, மதிப்பிட்ட வரி எண்ணிக்கைக்கும் உண்மையில் வந்ததற்கும் ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்கத் தெரிந்தவர், டேட்டா எத்தனை மடங்கானாலும் அதையே கேட்பார். மாறுவது தப்பிக்கும் வழி. 200 ஜிபி டேட்டாபேஸ் கெட்டால் பேக்கப்பிலிருந்து திருப்பி ஏற்றிவிட்டு, சில மணி நேரம் மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். அதன் நூறு மடங்கில் அதே முறையில் ஏற்றினால் நாட்கணக்கில் போய்விடும்; அதனால் எதையும் தொடுவதற்கு முன்பே பின்வாங்கும் பாதையைத் திட்டமிட வேண்டும். ஸ்டார்ட்அப் ஆளிடம் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று தெரிய, சர்வர் மாற்றிய அந்த இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "மாற்றிய பிறகு ஒரு மணி நேரத்தில் தப்பு தெரிந்திருந்தால் எப்படித் திரும்பியிருப்பீர்கள்? அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக எழுதப்பட்ட டேட்டா என்ன ஆகியிருக்கும்?" இரண்டாவது பாதிக்கு யோசித்து வைத்த பதில் இருந்தால் அவர் பெரிய அளவுக்குத் தயாரானவர். 'திரும்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கவே இல்லை' என்பதுகூட நேர்மையான பதில்தான். ஆனால் அவருக்கு மேலே ஒரு சீனியர் தேவைப்படும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட அதிகமாகத் தடுக்குவது வேறொன்று; பலர் அதைச் சோதிப்பதே இல்லை. 12 பேர் இடத்தில் முடிவெடுத்த ராத்திரியே செய்துவிடலாம். பெரிய இடத்தில் அதே மாற்றத்துக்கு வடிவமைப்பு ஆவணம், இரண்டு டீம்களின் ஒப்புதல், மாற்றம் செய்ய அனுமதிக்கப்பட்ட நேரம் எல்லாம் வேண்டும். தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியும் வரும். திறமை போதாமல் திணறுபவர்களுக்கு இணையாக, இந்தக் காத்திருப்பில் வெறுத்துப்போய்க் கிளம்புபவர்களும் உண்டு. வெளி நிறுவனம், வங்கி, தணிக்கையாளர், பெரிய வாடிக்கையாளரின் பாதுகாப்பு டீம் என்று யாருடைய ஒப்புதலுக்காவது காத்து ஒரு காரியத்தை முடித்திருக்கிறாரா என்று கேளுங்கள். அதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பு ஏன் மறுத்தது என்பதை நியாயமாக விளக்க முடிந்தால் நல்ல அறிகுறி. 'அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை' என்று மட்டும் வந்தால் எச்சரிக்கை.

பதவிப் பெயரை இறக்கி வையுங்கள்

அவருடைய பதவி 'ஹெட் ஆஃப் இன்ஜினியரிங்' என்று இருக்கலாம். 12 பேரில் இன்ஜினியர்கள் 5 பேர் என்றால் அவர் 4 பேருக்குத் தலைவர். பெரிய நிறுவனத்தில் அது சீனியர் இன்ஜினியரோ சிறிய டீமின் லீடோ செய்யும் அளவு. பெயரை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பேர் அவரிடம் நேரடியாக வேலை பார்த்தார்கள், யாரையாவது வேலையைவிட்டு அனுப்பும் முடிவை எடுத்திருக்கிறாரா, எளிதில் திருப்ப முடியாத தொழில்நுட்ப முடிவு எதை அவர் தனியாக எடுத்தார். இந்த மூன்று பதில்தான் படிநிலையைத் தீர்மானிக்கும்.

படிநிலை இறங்கும் என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். நாலு சுற்று இன்டர்வியூ முடிந்தபிறகு 'சீனியர் இன்ஜினியர்' என்று ஆஃபர் போனால் அவர் மறுப்பார். அவர் மீது தப்பு சொல்ல முடியாது.

நம் உதாரணத்தை முடிப்போம். அவர் மாதம் 5 நாள் என்றார். அதில் சர்வர் மாற்றம் மட்டும் தொடர்ச்சியாக இரண்டரை மாதம். இண்டெக்ஸ் கேள்விக்குச் செல்லாத இண்டெக்ஸைப் பற்றிச் சொன்னார். பின்வாங்கும் பாதையின் முதல் பாதி இருந்தது, இரண்டாவது பாதி இல்லை. வங்கி ஒன்றின் பாதுகாப்பு ஒப்புதலுக்கு ஆறு வாரம் காத்திருந்து முடித்திருக்கிறார். மேனேஜருக்குப் போகும் குறிப்பு இப்படி இருக்கலாம்:

'கட்டாயமான மூன்றில் இரண்டு உறுதி: குவெரி ஆய்வு, நிற்காமல் மாற்றம். மூன்றாவது, பிற டீம்களின் ஸ்கீமாவை மதிப்பிடுவது, செய்ததில்லை. தன் டீமில் மட்டும் செய்திருக்கிறார். பெரிய அளவில் பின்வாங்கும் திட்டம் பலவீனம். கேட்ட படிக்கு ஒரு படி கீழே எடுத்தால் பொருந்துவார். டெக்னிக்கல் சுற்றில் மாதிரி ஸ்கீமா மாற்றம் ஒன்றைக் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லுங்கள்.'

'நல்ல ஆள்', 'ஆர்வமானவர்' போன்ற சொல் இதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்த சுற்றில் இருப்பவருக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

எதிர்த் திசை: நிபுணர் ஸ்டார்ட்அப்புக்கு வந்தால்

இங்கே தராசு தலைகீழாகிறது. 9 பேர் இருக்கும் ஸ்டார்ட்அப் 'எல்லாம் செய்யும் புராடக்ட் இன்ஜினியர்' ஒருவரைத் தேடுகிறது. ரெஸ்யூமே பெரிய நிறுவனத்தில் 8 வருடம், அனைத்தும் பணம் கட்டும் பக்கத்தில். 'பக்கம் திறக்கும் நேரத்தை 820 மில்லி வினாடியிலிருந்து 690-க்குக் குறைத்த முயற்சிக்குத் தலைமை தாங்கினேன்' என்பது அதன் முத்தான வரி.

ஆழத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. இங்கே பார்க்க வேண்டியது அவரைத் தாங்கி நின்ற சாரம் என்ன என்பதை. கட்டடத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தைப் பிரித்தால்தான் சுவர் தானாக நிற்கிறதா என்று தெரியும். அந்த வரிக்கு எதிரே ஒரு பட்டியல் போடுங்கள்: தேவையை எழுதியது யார், திரையை வடிவமைத்தது யார், சர்வர் யாருடையது, நேரலைக்குக் கொண்டுபோன கருவி யாருடையது, அளந்தது யார், ராத்திரி போன் வந்தால் எடுத்தது யார். ஒவ்வொன்றிலும் 'நான்' எத்தனை, 'வேறு டீம்' எத்தனை என்று எண்ணுங்கள். ஆறில் ஒன்றுதான் 'நான்' என்றாலும் நிராகரிக்கக் காரணமில்லை. மீதி ஐந்தில் எதை இதற்கு முன் எங்காவது செய்திருக்கிறார் என்பதே அடுத்த கேள்வி. ராத்திரி அழைப்பை மட்டும் ஊகித்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்களிலும் தாங்கள் எழுதியதைத் தாங்களே கவனித்துக்கொள்ளும் டீம்கள் உண்டு.

உள்ளேயே கட்டிய கருவிகள் தனிப் பிரச்சினை. கூகுளுக்குள் பல வருடம் சர்வர்களை நிர்வகித்தது போர்க் என்ற உள் அமைப்பு. அதில் கற்ற பாடங்களை வைத்து வெளியுலகுக்கு குபர்னெட்டிஸ் வந்தது 2014-இல்தான். இப்படிப்பட்ட இடத்திலிருந்து வருபவரின் ரெஸ்யூமேயில் நீங்கள் தேடும் கருவியின் பெயர் இல்லாமலே போகலாம். அதனால் பெயரைத் தேடி வடிகட்டினால் நல்லவர்களை இழப்பீர்கள். அதே சமயம், கருத்து தெரிந்திருப்பதும் காலியான கிளவுட் கணக்கில் பூஜ்யத்திலிருந்து ஒரு சர்வரை எழுப்பியிருப்பதும் ஒன்றல்ல. 'கடைசியாக நீங்களே தனியாக, யாருடைய டெம்ப்ளேட்டும் இல்லாமல், ஏதாவது ஒன்றை இணையத்தில் ஓட வைத்தது எப்போது?' என்று கேளுங்கள். வீட்டில் விளையாட்டாகச் செய்த சின்னத் தளமாக இருந்தாலும் பரவாயில்லை.

இனி தீர்மானமான கேள்வி. அவர் நன்கு அறிந்த ஒரு பழக்கத்தை எடுத்து, இங்கே அது பொருந்துமா என்று அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும். வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய வடிவத்தையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடும் ஏ/பி சோதனை, பணம் கட்டும் பக்கத்துக்காரருக்கு மூச்சு மாதிரி. இப்படிக் கேளுங்கள்: "எங்கள் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 200 பேர் வருகிறார்கள், 100-க்கு 5 பேர் வாங்குகிறார்கள். புதிய வடிவமைப்பு 6 ஆக்கும் என்று நினைக்கிறோம். எப்படிச் சோதிப்பீர்கள்?"

கணக்கு இது. 5 சதவீதத்துக்கும் 6 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வழக்கமான நம்பகத்தன்மையோடு கண்டுகொள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 8,000 பேர் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து 16,000. நாளுக்கு 200 பேர் என்றால் 80 நாள். ஸ்டார்ட்அப்பில் 80 நாளில் புராடக்டே மாறிப்போயிருக்கும். தூண்டில் புரிந்தவர், 'இந்தக் கூட்டத்துக்கு ஏ/பி சோதனை ஓடாது. வாங்காமல் போன 10 பேரிடம் பேசுவேன், பெரிய குறை எது என்று பார்த்துச் சரி செய்துவிட்டு மேலே போவேன்' என்பார். எண்ணைச் சரியாகச் சொல்லாவிட்டாலும் 'ஆள் போதாது' என்று உடனே வந்துவிட வேண்டும். 'முதலில் நல்ல சோதனைத் தளம் ஒன்றைக் கட்டுவேன்' என்று ஆரம்பித்தால் உஷாராகுங்கள். அவர் தவறானதைச் சொல்லவில்லை. தான் விட்டுவந்த இடத்தை இங்கே மறுபடி கட்டப் பார்க்கிறார். முதல் நாலு மாதம் அதிலேயே போகும்.

பெரிய பெயர் கண்ணை மறைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெஸ்யூமேயின் மேலே இருக்கும் நிறுவனப் பெயரைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்துப் பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

ரெஸ்யூமேயிலேயே ஆறுதல் தரும் தடயங்களும் உண்டு. பெரிய நிறுவனத்துக்குள்ளேயே புதிதாக ஆரம்பித்த மூன்று, நாலு பேர் டீமில் இருந்திருக்கலாம். தன் வேலைக்கு வெளியே போய் ஒரு காரியத்தை முடித்திருக்கலாம், உதாரணமாக வடிவமைப்பாளர் இல்லாதபோது திரையைத் தானே வரைந்தது. முதல் வேலை சின்ன இடத்தில் இருந்திருக்கலாம். அது ரெஸ்யூமேயின் அடியில் ஒற்றை வரியாக ஒடுங்கிக் கிடக்கும், தேடிப் படியுங்கள். இவற்றில் ஒன்றுகூட இல்லை என்றால், சம்பளத்துக்கு இரண்டு வாரம் சேர்ந்து வேலை செய்து பார்க்கும் ஏற்பாட்டை நிறுவனரிடம் பரிந்துரையுங்கள். விண்ணப்பதாரரின் தற்போதைய ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று அவரிடமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதிக்காவிட்டால், ஒரு முழு நாள் டீமோடு உட்கார்ந்து உண்மையான ஒரு கோளாறைச் சேர்ந்து பார்க்கலாம்.

எட்டு வருடக்காரருக்கான குறிப்பு இப்படிப் போகலாம்: 'வேகம், பணம் கட்டும் ஓட்டம் இரண்டிலும் ஆழம் உறுதி. சாரத்தில் ஆறில் இரண்டு அவருடையது: ராத்திரி அழைப்பு, அளவீடு. சர்வரைத் தானாக எழுப்பியது 9 வருடத்துக்கு முன், முதல் வேலையில். ஏ/பி கேள்வியில் ஆள் போதாது என்று தானாகச் சொன்னார், ஆனால் வாங்காதவர்களிடம் பேசுவேன் என்பது நாம் நினைவூட்டிய பிறகுதான் வந்தது. டெப்ளாய்மென்ட்டை முதல் இரண்டு மாதம் வேறொருவர் பார்த்துக்கொண்டால் எடுக்கலாம். அந்த வேறொருவர் நம்மிடம் இல்லை என்றால் இப்போது வேண்டாம்.'